ரூட் கேனால் போயிட்டு வந்து ஒரு ரிவ்யூ: பல் டாக்டரை எதை வெச்சு மதிப்பிடுறது?

பேசும்போது சொன்னதையே இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் குடுத்திருக்கோம். வண்டி ஓட்டிட்டே கேட்டவங்க பொறுமையா திரும்பப் படிச்சுக்கலாம்.

திருவொற்றியூர்லயோ ராயபுரத்துலயோ நின்னு மொபைல் மேப்ல பல் கிளினிக் தேடிப் பாருங்க. எல்லாத்துக்கும் நாலரை ஸ்டாருக்கு மேல இருக்கும். உள்ள போய் ரிவ்யூ படிச்சா, "டாக்டர் ரொம்ப ஃப்ரெண்ட்லி", "வலியே தெரியல", "கிளினிக் நீட்டா இருக்கு", அவ்ளோதான். ஒரு ஸ்டார் குடுத்தவங்களும் "ரொம்ப நேரம் வெயிட் பண்ண வெச்சாங்க"ன்னு முடிச்சிருப்பாங்க. இதைப் படிச்சுட்டு அந்த நாற்காலில போய்ப் படுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணவே முடியாது.

சமீபத்துல எனக்கு ஒரு ரூட் கேனால் நடந்தது. அதை நாலு விஷயத்தை வெச்சு ரிவ்யூ பண்றதுதான் இந்த எபிசோட். என்ன செய்யப் போறாங்கன்னு எப்படி விளக்கினாங்க, வலியை எப்படிக் கையாண்டாங்க, செலவை எவ்ளோ தெளிவா சொன்னாங்க, முடிஞ்ச பிறகு எப்படிப் பார்த்துக்கிட்டாங்க. கிளினிக் திருவொற்றியூர்ல, தேரடி பக்கம். பேர் சொல்லப் போறதில்லை. ஏன்னா நல்லது மட்டும் இல்ல, குறையும் சொல்லப் போறேன். தவிர, நீங்க வேற கிளினிக்குக்குப் போனாலும் இந்த நாலும் பொருந்தும்.

முதல்ல, பல்லுக்கு என்ன ஆச்சு

கீழ்த் தாடைல இடது பக்கக் கடைவாய்ப் பல். ஐஸ் தண்ணி பட்டா சுளீர்னு இழுக்கும். அது பலருக்கும் இருக்கிறதுதான். ஆனா எனக்கு தண்ணியை முழுங்கின பிறகும் ரெண்டு மூணு நிமிஷம் வலி நிக்கும். அப்புறம் ராத்திரி படுத்தா தானாவே தெறிக்க ஆரம்பிச்சுது.

இந்த ரெண்டு அறிகுறிக்கும் அர்த்தம் இருக்கு. பல்லுக்கு உள்ள, நடுவுல, நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த ஒரு சதை இருக்கு. சொத்தை மேலோட்டமா இருக்கிற வரைக்கும் அந்தச் சதை லேசா எரிச்சல்படும், காரணத்தை நீக்கினா சரியாயிடும். குளிர்ச்சி போன உடனே வலியும் போனா பெரும்பாலும் அந்த நிலைதான். வலி நின்னு நின்னு இழுத்தா, தூக்கத்துல எழுப்பினா, சதை திரும்பிச் சரியாக முடியாத அளவுக்கு வீங்கிடுச்சுன்னு அர்த்தம். உள்ள இடம் ரொம்பச் சின்னது, சுத்திலும் கெட்டியான பல். வீங்குறதுக்கு இடமே இல்ல. அதனாலதான் அவ்ளோ வலி. அந்தச் சதையை எடுத்துட்டு, வேர்க்குள்ள இருக்கிற குழாய்களைச் சுத்தம் பண்ணி, அடைச்சு மூடுறதுதான் ரூட் கேனால்.

ஒன்று: விளக்கம்

இதுல என் டாக்டருக்கு நல்ல மார்க். முதல்ல சொத்தைப் பல்லைத் தொடவே இல்ல. பக்கத்துல நல்லா இருக்கிற பல்லுல குளிர்ந்த பஞ்சை வெச்சாங்க. "இது எப்படி இருக்கு, எடுத்ததும் போயிடுச்சா?"ன்னு கேட்டுட்டு, அப்புறம்தான் வலிக்கிற பல்லுல வெச்சாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே புரிஞ்சுது. அடுத்து கருவியோட பிடியால பல்லை லேசா தட்டிப் பார்த்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்தை என் பக்கம் திருப்பி, "தம்பி, இந்தக் கருப்பா இருக்கிறது சொத்தை. இது நரம்பு இருக்கிற அறை. ரெண்டுக்கும் நடுவுல சுவரே இல்ல பாருங்க"ன்னாங்க.

இது ஏன் முக்கியம்னா, கடைவாய்ப் பல் வலில ஆளுக்கே எந்தப் பல்னு சரியா தெரியாது. மேல் பல் வலி கீழ்ப் பல் மாதிரி தெரியும், கீழ்ப் பல் வலி காதுல தெரியும். பரிசோதனை எதுவும் பண்ணாம, நீங்க விரல் காட்டின பல்லை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "ரூட் கேனால் பண்ணிடலாம்"னு சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்ட கேக்குறது நல்லது.

அப்புறம் வழிகளைச் சொன்னாங்க. மூணு வழி இருக்கு. ரூட் கேனால் பண்ணி மேல கேப் போடலாம். பல்லைப் பிடுங்கிடலாம், அது உடனடிச் செலவு கம்மி, ஆனா அந்த இடத்துல பிறகு பல் கட்டணும்னா செலவு அதிகம், கட்டாம விட்டா பக்கத்துப் பல்லு அந்தப் பக்கம் சாயும். மூணாவது, ஒண்ணும் பண்ணாம விடுறது. அப்படி விட்டா சில நாள்ல வலி தானா நிக்கலாம், ஆனா அது நரம்பு செத்துப் போனதால. கிருமி வேர் வழியா எலும்புக்கு இறங்கும், சீழ் வைக்கும்.

இதைச் சொல்றது டாக்டரோட பெருந்தன்மை இல்ல. சமீரா கோஹ்லி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்குல 2008ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. சிகிச்சை என்ன, எதுக்கு, அதுல என்ன ஆபத்து, வேற வழி என்ன, பண்ணாம விட்டா என்ன ஆகும்னு நோயாளிக்குப் போதுமான அளவு சொன்ன பிறகு வாங்குற சம்மதம்தான் சம்மதம். அந்த வழக்கு பல் சம்பந்தப்பட்டது இல்ல, ஆனா சம்மதம் பத்தின விதி எல்லா சிகிச்சைக்கும் பொதுவானது. என் கிளினிக்ல குடுத்த சம்மதப் படிவம் முழுக்க இங்கிலீஷ்ல இருந்தது. டாக்டர் தமிழ்ல வாயால விளக்கினதால எனக்குப் புரிஞ்சுது. என் பக்கத்துல உக்காந்திருந்த காசிமேட்டு அக்கா அதே தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க. இதுக்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

இன்னொண்ணு. ஆபத்தையும் சொன்னாங்க. இந்தப் பல்லுக்கு வழக்கமா ரெண்டு வேர், மூணு குழாய். சிலருக்கு நாலு இருக்கும். ஒரு குழாய் கண்ணுல படாம விட்டுப் போனா கிருமி அங்கயே தங்கும், மறுபடி பிரிச்சுப் பண்ண வேண்டி வரலாம். உள்ள விடுற கம்பி மாதிரியான ஃபைல் அபூர்வமா உடைஞ்சு உள்ளயே சிக்கலாம். "நூறு சதவீதம் சரியாயிடும்"னு அவங்க சொல்லல. எனக்கு அதுதான் நம்பிக்கை குடுத்துது.

ரெண்டு: வலி

ரிவ்யூல "வலியே இல்லை"ன்னு எழுதுறவங்க பொய் சொல்றதில்லை. ஆனா அவங்களோடது மேல் பல்லா, கீழ்ப் பல்லா, ஏற்கெனவே நரம்பு செத்துப் போன பல்லான்னு நமக்குத் தெரியாது. அதைப் பொறுத்து கதையே மாறும்.

மேல் தாடை எலும்பு மெலிசா, பஞ்சு மாதிரி இருக்கும். பல்லுக்குப் பக்கத்துலயே ஊசி போட்டா மருந்து ஊறி உள்ள போயிடும். கீழ்த் தாடைல கடைவாய்ப் பக்கம் எலும்பு தடிமன், ஊறாது. அதனால வாயோட பின்பக்கம், நரம்பு தாடை எலும்புக்குள்ள நுழையுற இடத்துக்குப் பக்கத்துல ஊசி போடுவாங்க. அங்க அடைச்சா அந்தப் பக்கப் பல் எல்லாம், பாதி கீழ் உதடு, எல்லாம் சேர்ந்து மரத்துப் போகும்.

எனக்கு முதல்ல ஈறுல ஒரு ஜெல் தடவி ஒரு நிமிஷம் விட்டாங்க. அப்புறம் ஊசியை மெதுவா போட்டாங்க. மருந்து வேகமா உள்ள தள்ளுறதுதான் பாதி வலிக்குக் காரணம், அதனால மெதுவா போடுறது நல்ல அடையாளம். போட்ட உடனே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. "மருந்துல அட்ரினலின் கலந்திருக்கு, மரப்பு அதிக நேரம் நிக்கிறதுக்காக. ரெண்டு நிமிஷத்துல அடங்கும்"னாங்க, அடங்கிடுச்சு. ஆனா இதை ஊசிக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிடணும்.

பத்து நிமிஷத்துல உதடு நல்லா மரத்துப் போச்சு. "உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" "இருக்கு டாக்டர்." டிரில் ஆரம்பிச்சாங்க. மேல் பக்கம் ஒண்ணும் தெரியல. உள்ள நரம்புக்குக் கிட்ட போனதும் மின்சாரம் பாஞ்ச மாதிரி இருந்துது.

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்குவேன்னா, இதை வெச்சுக்குங்க. உதடு மரத்துப் போச்சுன்னா பல்லு மரத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. என்னை மாதிரி வீங்கிப் போன, உயிருள்ள நரம்பு இருக்கிற கீழ்க் கடைவாய்ப் பல்லை டாக்டர்கள் 'ஹாட் டூத்'னு சொல்வாங்க. வீக்கம் இருக்கிற இடத்துல அமிலத்தன்மை கூடும், மரப்பு மருந்து நரம்புக்குள்ள நுழையுறது குறையும். நரம்பே வழக்கத்தை விட சுலபமா தூண்டப்படுற நிலைல இருக்கும். அதனால ஊசி சரியான இடத்துல விழுந்தும், உதடு கட்டை மாதிரி ஆகியும், பல்லுல வலி மிச்சம் இருக்கலாம். இது கணிசமான பேருக்கு நடக்கிறது. டாக்டருக்குத் திறமை இல்லன்னும் அர்த்தம் இல்ல, உங்களுக்குத் தாங்குற சக்தி இல்லன்னும் அர்த்தம் இல்ல.

அப்போ எதை வெச்சு மார்க் போடுறது? ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல்லு மரத்துப் போச்சான்னு பல்லுலயே சோதிச்சாங்களா? முதல்ல வெச்ச அதே குளிர்ந்த பஞ்சை திரும்ப வெச்சுப் பார்த்தா போதும், பெரும்பாலும் தெரிஞ்சிடும். எனக்கு அதைப் பண்ணல, உதட்டை மட்டும் கேட்டாங்க. ஒரு மார்க் குறைக்கிறேன்.

ரெண்டு, வலிக்குதுன்னு சொன்னா என்ன பண்ணாங்க? இங்க முழு மார்க். ஆரம்பத்துலயே "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்"னு சொல்லியிருந்தாங்க. தூக்கினேன், அந்த நொடியே டிரில் நின்னுச்சு. "கொஞ்சம் பொறுத்துக்குங்க தம்பி, முடிஞ்சிடும்"னு சொல்லல. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய இடைவெளில ஒரு சின்ன ஊசி போட்டாங்க. அழுத்தமா இருந்துது, அரை நிமிஷம்தான். அதுக்கப்புறம் உள்ள இருந்த சதை முழுசா எடுக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியல. அந்த ஊசியும் போதலைன்னா பல்லுக்கு வெளிப்பக்க ஈறுல வேற மருந்து போடலாம், கடைசியா நேரா நரம்பு அறைக்குள்ளயே போடலாம். அதாவது முதல் ஊசி வேலை செய்யலைன்னா அடுத்த வழி எப்பவும் இருக்கு. பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கிறது சிகிச்சைல ஒரு பகுதி இல்ல.

வலியோட சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம் ஆன்டிபயாடிக். "ஏன் டாக்டர், ஆன்டிபயாடிக் எழுதலையா?"ன்னு கேட்டேன். நம்ம ஏரியால பல்லு வலின்னா மெடிக்கல் ஷாப்லயே ரெண்டு நாளைக்கு வாங்கிப் போட்டுக்கிறது வழக்கம். அவங்க சொன்னது: "உங்களுக்குக் காய்ச்சல் இல்ல, முகம் வீங்கல. வலி வீங்கின நரம்பால வருது, ஆன்டிபயாடிக் அந்த வலியைக் குறைக்காது." இது சரிதான். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019ல வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்லுது. எனக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் எழுதினாங்க. எழுதுறதுக்கு முன்னாடி வயித்துப் புண், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருக்கான்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி வரலைன்னா நீங்களே சொல்லிடுங்க, இவங்களுக்கெல்லாம் ஐபுப்ரோஃபென் ஒத்துக்காம போகலாம்.

மூணு: செலவு

கிளினிக் சுவத்துல ஒரு போர்டு இருந்துது. ரூட் கேனால் 4,500 ரூபாய். டாக்டரும் அதே தொகையைத்தான் சொன்னாங்க. மறைக்கல. ஆனா என் கையை விட்டுப் போன மொத்தப் பணம் 10,250 ரூபாய்.

கணக்கைப் பிரிச்சுச் சொல்றேன். கன்சல்டேஷன் 300, முதல் எக்ஸ்ரே 250, ரூட் கேனால் 4,500. இது வரைக்கும் 5,050. சொத்தைல பல்லோட பாதி போயிருந்ததால, கேப்புக்குக் கீழ பல்லைத் திரும்பக் கட்டி எழுப்பணும், அதுக்கு 1,200. மேல போட்ட கேப், உள்ள உலோகம் வெளிய பீங்கான், 4,000. கூட்டிப் பாருங்க, 10,250. முழுக்க வெள்ளையா இருக்கிற சிர்கோனியா கேப் போட்டிருந்தா அதுக்கு மட்டும் 9,000. அப்போ மொத்தம் 15,250.

இதுல ஏமாத்து எதுவும் இல்ல. 'ரூட் கேனால்'ங்கிற வார்த்தை வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கிற வேலையை மட்டும்தான் குறிக்கும். கேப் தனி வேலை, அதை வெளில லேப்ல செஞ்சு வாங்குறாங்க. ஆனா இது டாக்டருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. எனக்குக் கேப் விஷயம் முதல் நாளே சொன்னாங்க, விலை மட்டும் மூணாவது விசிட்ல ரிசப்ஷன்ல சொன்னாங்க. அப்போ பல்லு பாதில இருக்கு. வேண்டாம்னு எழுந்து வரவும் முடியாது, வேற இடத்துல விலை கேக்கவும் மனசு வராது. செலவைப் பொறுத்தவரை தொகையை விட அதை எப்போ சொல்றாங்கங்கிறதுதான் முக்கியம். இதுல பாதி மார்க்தான்.

அதனால முதல் நாளே கேக்க வேண்டிய கேள்வி, "ரூட் கேனால் எவ்ளோ?" இல்ல. "இன்னிக்கு ஆரம்பிச்சு கேப் போட்டு நான் வெளிய போற வரைக்கும் மொத்தம் எவ்ளோ, எத்தனை தடவை வரணும்?" இதைக் கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்குங்க. நாலாவது குழாய் இருந்தா தொகை மாறுமான்னும் கேட்டுக்குங்க. சிர்கோனியாவுக்கு வாரண்டி கார்டு குடுப்பாங்க. அது கேப் உடைஞ்சா மட்டும்தான். உள்ள இருக்கிற பல்லுக்கு எந்த வாரண்டியும் கிடையாது. எனக்குப் பின் பக்கப் பல், யாரும் பார்க்கப் போறதில்லை, அதனால விலை கம்மியான கேப்பே போதும்னு டாக்டரே சொன்னாங்க. அதுக்கு பாதி மார்க்கைத் திருப்பிக் குடுக்கலாம்.

'எத்தனை தடவை'ங்கிறதும் பணம்தான். எனக்கு நாலு விசிட் ஆச்சு. எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்குற என் ஃப்ரெண்டுக்கு ஒரு நாள் கூலி 700. நாலு நாள் லீவு போட்டா 2,800 போச்சு. அது எந்த பில்லுலயும் வராது. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு காலைல வரலாமா, ஞாயித்துக்கிழமை பார்ப்பீங்களான்னு முதல்லயே கேட்டுட்டா இதுல பெரும்பகுதி மிச்சமாகும்.

அவன் மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருந்து, சம்பளச் சீட்டுல இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிச்சா, பல் சிகிச்சையும் அந்தக் காப்பீட்டுக்குள்ள வருது. உங்க இஎஸ்ஐ மருந்தகத்துல காட்டி, பல் பிரிவு இருக்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லணும். கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் பிடித்தம் இருந்தா உரிமை இருக்கு.

இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953ல தொடங்கினது. எண்ணூர், விம்கோ நகர், திருவொற்றியூர்ல ஏறுறவங்க பீச் ஸ்டேஷன்ல இறங்கி, தாம்பரம் வண்டில அடுத்த ஸ்டேஷன் கோட்டை. ரூட் கேனாலுக்குன்னே அங்க தனித் துறை இருக்கு. மாணவர்கள் பண்ணுவாங்க, பேராசிரியர்கள் மேற்பார்வை பார்ப்பாங்க. செலவு தனியாரோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. ஆனா நேரம் எடுக்கும். கூட்டம் உண்டு, விசிட் கூடும். பணம் கம்மி, நாள் அதிகம். உங்களுக்கு எது தாங்கும்னு நீங்கதான் கணக்குப் போடணும்.

நாலு: பிறகு பார்த்துக்கிட்டது

ரூட் கேனால்ல சிகிச்சை கெட்டுப் போற முக்கியமான இடம் நாற்காலி இல்ல, ரெண்டு விசிட்டுக்கு நடுவுல இருக்கிற நாட்கள்தான்.

முதல் விசிட்லயே நரம்பை எடுத்துட்டாங்க. ரெண்டு மூணு நாள் கடிச்சா லேசா வலிச்சுது, அப்புறம் சுத்தமா போயிடுச்சு. வலி போனதும் பல பேர் அதோட நிறுத்திடுறாங்க. பணம் மிச்சம், லீவு மிச்சம். ஆனா அப்போ பல்லுக்கு மேல இருக்கிறது தற்காலிகமா அடைச்ச மாவு மாதிரியான பொருள். அது சில வாரத்துலயே தேயும், ஓரத்துல கசியும். எச்சில் வழியா கிருமி திரும்ப உள்ள போகும். இந்தத் தடவை நரம்பு இல்லாததால வலி தெரியாது. வேர் முனைல சீழ் வெச்சு முகம் வீங்கும்போதுதான் தெரியும்.

வேரை முழுசா அடைச்ச பிறகும் கேப் போடாம விடக் கூடாது. சொத்தை போனது, உள்ள போக துளை போட்டது எல்லாம் சேர்ந்து பல்லோட சுவர் மெலிஞ்சிருக்கும். கடைவாய்ல அழுத்தம் அதிகம், நடுவுல பிளந்துச்சுன்னா பிடுங்குறதைத் தவிர வழியில்ல. 2002ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, ரூட் கேனாலுக்குப் பிறகு கேப் போடாத பல்லுங்க, போட்டதை விட 6 மடங்கு வேகத்துல இழக்கப்பட்டிருந்துது. 4,500 ரூபாய் வேலையைக் காப்பாத்துறது அந்த 4,000 ரூபாய் கேப்தான்.

இதை என் டாக்டர் நல்லா சொன்னாங்க. மரப்பு போக மூணு நாலு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் சாப்பிடாதீங்க, உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிக்குவீங்கன்னாங்க. கேப் போடுற வரைக்கும் அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு கடிக்கக் கூடாது. தற்காலிக அடைப்பு கழண்டா அடுத்த விசிட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கே வாங்கன்னாங்க. மறுநாள் காலைல கிளினிக்ல இருந்து ஃபோன் பண்ணி வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. ஆனா ரெண்டாவது விசிட்டுக்குப் பிறகு யாரும் கூப்பிடல. கேப் எப்போ வரும்னு நான்தான் ரெண்டு தடவை கேட்டேன். நான் கேக்காம விட்டிருந்தா அப்படியே நின்னிருக்கும். இங்க முக்கால் மார்க்.

அவங்க சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, அதை நான் சொல்லிடுறேன். லேசான வலி சகஜம். ஆனா தாடைக்குக் கீழயோ கழுத்துலயோ வீக்கம் பரவுறது, வாய் திறக்க முடியாம போறது, எச்சில் முழுங்க முடியாம இருக்கிறது, காய்ச்சல், மூச்சுல சிரமம் இதெல்லாம் பல் கிளினிக் திறக்குற வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்ல. கீழ்ப் பல்லோட சீழ் நாக்குக்கு அடில பரவி மூச்சுக் குழாயை அழுத்தலாம். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108 கூப்பிடுங்க, இல்லைன்னா ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

எல்லாம் நல்லா முடிஞ்சாலும் ஒரு வருஷம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். வேர் முனைல எலும்பு நல்லா இருக்கான்னு அதுல மட்டும்தான் தெரியும், வலி இல்லங்கிறது அதுக்கு சாட்சி ஆகாது. அந்தத் தேதியை யார் ஞாபகப்படுத்துவாங்கன்னு கேட்டு வெச்சுக்குங்க. என் கிளினிக்ல யாரும் சொல்லல, ஃபோன்ல நானே குறிச்சு வெச்சிருக்கேன்.

சரி, ரிவ்யூ எப்படி எழுதுறது?

நான் அந்தக் கிளினிக்குக்குப் போட்ட ரிவ்யூ இதுதான். உங்க விவரத்தைப் போட்டு இதே மாதிரி எழுதலாம்.

"கீழ் இடது கடைவாய்ப் பல், உயிருள்ள நரம்பு, ரூட் கேனாலும் கேப்பும், நாலு விசிட். குளிர்ச்சி வெச்சு சோதிச்சு, எக்ஸ்ரே காட்டி, பிடுங்குறது உள்பட எல்லா வழியையும் தமிழ்ல சொன்னாங்க. சம்மதப் படிவம் இங்கிலீஷ்ல மட்டும். முதல் ஊசிக்குப் பிறகும் வலிச்சுது, கை தூக்கின உடனே நிறுத்தி இன்னொரு ஊசி போட்டாங்க, அப்புறம் வலி இல்லை. போர்டுல 4,500, உலோகம் பீங்கான் கேப்போட மொத்தம் 10,250; கேப் விலையை முதல் நாளே கேட்டுக்குங்க. மறுநாள் ஃபோன் பண்ணாங்க, கேப்புக்கு நாமதான் ஃபாலோ பண்ணணும். திரும்பப் போவேன்."

இதுல ஸ்டார் எத்தனைங்கிறதே தேவைப்படாது. அதே மாதிரி பல் வலியோட ராத்திரி ஒரு மணிக்கு மேப்பைத் தோண்டிட்டு இருக்கிற ஒருத்தருக்கு, எவ்ளோ பணம் எடுத்துட்டுப் போகணும், என்ன கேக்கணும், எப்போ கை தூக்கணும்னு தெரிஞ்சிடும்.

உங்க ஏரியால நடந்த விசிட்டையும் இந்த நாலு தலைப்புல எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.